ஹந்தானை எத்தனைக்கு ஒன்று?

உயர்தரத்தில் புவியியல் படிக்கிற மருமகள் போன வாரம் ஒரு பயிற்சித்தாளோடு வந்தாள். கண்டி நகரமும் சுற்றுப்புறமும் உள்ள இடவிளக்கப் படத்தின் ஒரு துண்டு. ஹந்தானைச் சரிவில், நகரத்தைப் பார்த்த பக்கம், அ, ஆ என்று இரண்டு புள்ளிகள். இரண்டுக்கும் இடையில் நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு, வீதி வழியாக எவ்வளவு, சராசரிச் சாய்வு விகிதம் என்ன? கேள்வி அவ்வளவுதான். கீழே அளவுத்திட்டம் 1:50,000 என்றும், சமவுயரக் கோட்டு இடைவெளி 20 மீற்றர் என்றும் அச்சடித்திருந்தது.

அவள் ஏற்கெனவே விடை எழுதி வைத்திருந்தாள். அடிமட்டத்தில் 1.7 சென்றிமீற்றர், அதாவது 850 மீற்றர். உயர வித்தியாசம் 300 மீற்றர். சாய்வு 1:2.8. "சரிதானே மாமா?" என்றாள். கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 2.8 மீற்றர் முன்னே போவதற்குள் ஒரு மீற்றர் ஏறுவதென்றால் ஏறக்குறைய 20 பாகைச் சரிவு. ஹந்தானைப் பக்கம் அப்படியான இடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் காட்டிய சரிவு முழுவதற்கும் சராசரியே அதுவென்றால் எனக்கு நம்ப முடியவில்லை. அந்தச் சரிவின் பாதியில் வீடுகளும் தேயிலையும் இருக்கின்றன, ஆட்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் போட்டோ கொப்பி, ஏ4 அளவு. "இந்தக் கட்டத்தை அளந்து பார்" என்றேன்.

1:50,000 படத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற மெல்லிய கோடுகள் ஒரு கிலோமீற்றருக்கு ஒன்றாகப் போடப்பட்டவை. ஒரு கிலோமீற்றர் என்பது 1,00,000 சென்றிமீற்றர். அதை 50,000-ஆல் வகுத்தால் 2. ஆகவே ஒவ்வொரு கட்டமும் சரியாக 2 சென்றிமீற்றர் இருக்க வேண்டும். அவளுடைய தாளில் அது 1.4 தான் இருந்தது. ஏ3 தாளில் இருந்ததை யாரோ ஏ4-க்குச் சுருக்கி எடுத்திருக்கிறார்கள். அப்படிச் சுருக்கும்போது கொப்பி இயந்திரம் நீளத்தைச் சுமார் 71 வீதமாகக் குறைக்கும். படம் சுருங்குகிறது, ஆனால் கீழே எழுதியிருக்கும் '1:50,000' என்ற எழுத்து அப்படியே நிற்கிறது. அந்தத் தாளின் உண்மையான அளவுத்திட்டம் இப்போது கிட்டத்தட்ட 1:71,000.

அளவுத்திட்டத்தை மூன்று விதமாகச் சொல்லலாம் என்று பாடப்புத்தகம் சொல்லும்: சொற்களில், வகைக்குறிப் பின்னமாக, நேர்கோட்டு அளவுத்திட்டமாக. மூன்றையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அவற்றுக்குள் உள்ள வித்தியாசம் போட்டோ கொப்பிக் கடையில்தான் தெரியும். சொற்களும் பின்னமும் தாள் சுருங்கினால் பொய்யாகிவிடும். கோடு மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்கும், அதனால் என்றும் உண்மை பேசும். படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டுக் கொப்பி எடுத்திருந்தால் அந்தக் கோடும் இருக்காது. அப்போது கைகொடுப்பது கட்டங்கள். அவளுடைய 1.7-ஐ 1.4-ஆல் வகுத்தால் 1.2 கிலோமீற்றர் வருகிறது. 850 மீற்றர் என்று நினைத்தது உண்மையில் 1,200 மீற்றர். சாய்வு 300-க்கு 1,200, அதாவது 1:4. இப்போது மலை நமக்குத் தெரிந்த மலையாக வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமவுயரக் கோடுகளின் எண்களை எந்தக் கொப்பி இயந்திரமும் சுருக்க முடியாது. 600 என்று எழுதியிருந்தால் அது 600 மீற்றர்தான். கிடைத்தூரம் மட்டும் சுருங்குவதால், சுருக்கிய படத்தில் எல்லா மலையும் உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியும். பெருப்பித்த படத்தில் தட்டையாகும். விடை சந்தேகத்துக்கு இடமாக இருந்தால் முதலில் கட்டத்தை அளப்பது நல்லது. (அந்தக் கட்டங்களை எங்கிருந்து எண்ணுகிறார்கள் தெரியுமா? நம் பிதுருதலாகலையிலிருந்து. பழைய தேசியக் கட்டத்தில் அந்த உச்சிக்குக் கிழக்காக 2,00,000, வடக்காக 2,00,000 மீற்றர் என்று எண் கொடுத்து, அங்கிருந்து நாடு முழுவதும் எண்ணியிருக்கிறார்கள். ஆகவே கண்டிப் படத்தின் ஓரத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் நுவரெலியாவின் மேலே நிற்கிற மலையிலிருந்து எடுத்த தூரம்தான்.)

பிறகு ஒரு மூலப் படத்தைத் தேடி எடுத்து, அதே புள்ளிகளைக் குறித்து மறுபடி அளந்தோம். 2.4 சென்றிமீற்றர் வந்தது. அதே 1,200 மீற்றர். இனி இந்தப் படத்தை வைத்தே பேசுவோம்.

உயரத்தை எண்ணும்போது பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. அ 600 மீற்றர்க் கோட்டின் மேல், ஆ 900 மீற்றர்க் கோட்டின் மேல். இரண்டையும் சேர்த்து எண்ணினால் 16 கோடுகள். 16-ஐ 20-ஆல் பெருக்கினால் 320. இது பிழை. ஏறுவது கோடுகளை அல்ல, கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை. அவை 15 தான். நூறு மீற்றருக்கு ஒரு தடித்த கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் எண்ணவே தேவையில்லை: 600, 700, 800, 900. மெல்லிய கோடுகளை எண்ணுவது புள்ளி தடித்த கோட்டில் விழாதபோது மட்டும்தான். புள்ளி இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழுந்தால் பாதிக்குப் பாதி என்று ஊகிக்கலாம். அந்த ஊகத்தில் பத்து மீற்றர் கூடலாம் குறையலாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்துக்கு வருவோம். நேர்கோடு 1,200 மீற்றர் என்பது பறவைக்குத்தான். உண்மையில் அது பறவைக்குக்கூட இல்லை, ஏனென்றால் படத்தில் அளப்பது எப்போதும் கிடைத்தூரம். சரிவின் மேல் போகிற தூரம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? பைதகரசை வைத்துப் பார்த்தால், 1,200-ம் 300-ம் சேர்ந்து 1,237 மீற்றர் தருகின்றன. நாலுக்கு ஒன்று என்கிற கடும் சரிவிலேயே 37 மீற்றர் வித்தியாசம்தான், மூன்று வீதம். இந்தத் திருத்தத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடிமட்டம் ஒரு மில்லிமீற்றர் தவறினால் அது 50 மீற்றர். திருத்தம் அந்தத் தவறுக்குள்ளேயே அமுங்கிப் போய்விடும்.

வீதியின் வளைவுகள் வேறு கதை. ஒரு நூலை ஈரமாக்கி, வீதிக் கோட்டின் மேல் வளைத்து வளைத்து வைத்து, நீட்டி அளந்தோம். 5.2 சென்றிமீற்றர். ஆகவே 2.6 கிலோமீற்றர், நேர்கோட்டைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். நூலுக்குப் பதிலாகக் கடதாசித் துண்டின் விளிம்பைச் சின்னச் சின்ன நேர்க்கோடுகளாகத் திருப்பித் திருப்பிக் குறித்தும் செய்யலாம். கை பழகியவர்களுக்கு அது நூலைவிடத் துல்லியம். நூல் வழுக்கும், இழுத்தால் நீளும்.

எந்த முறையில் அளந்தாலும் மலைப்பாதையின் நீளம் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். அதற்குக் காரணம் படம் வரைகிறவரின் கஷ்டம். ஆறு மீற்றர் அகலமான வீதியை 1:50,000-இல் உள்ளபடி வரைந்தால் அது 0.12 மில்லிமீற்றர், கண்ணுக்கே எட்டாது. அதனால் வீதியைத் தடிப்பாக வரைகிறார்கள். ஒரு மில்லிமீற்றர் தடிப்பென்றால் தரையில் 50 மீற்றர் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. ஒரு கொண்டை ஊசி வளைவின் இரண்டு கைகளும் 30 மீற்றர் தள்ளி ஓடினால் அவற்றைத் தனித்தனியாகக் காட்ட இடம் கிடையாது. வளைவு மழுங்கும், சில வேளை காணாமலே போகும். மூன்று சக்கர ஓட்டோவில் ஏறியவருக்கு இது நன்றாகத் தெரியும். படத்தில் இரண்டு நெளிவு இருக்கிற இடத்தில் தரையில் நான்கு இருக்கும்.

வீதியின் சாய்வு இப்போது 300-க்கு 2,600, ஏறக்குறைய 1:8.7. அதே அ, அதே ஆ, அதே 300 மீற்றர். ஆனால் ஒரு விடை 1:4, இன்னொன்று 1:8.7. மருமகளுக்கு இதுதான் புதிராக இருந்தது. "அப்படியென்றால் மலையின் சாய்வு எது?" என்றாள். மலைக்கென்று ஒரு சாய்வு கிடையாது; நீ பிடிக்கிற கோட்டுக்குத்தான் சாய்வு. கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போனால் மிகக் கூடிய சாய்வு, கோட்டோடு கோடாகப் போனால் சாய்வே இல்லை. வீதி போடுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தைத் தேடுகிறார்கள், அதற்கான விலையைத் தூரத்தில் கொடுக்கிறார்கள்.

சராசரியும் ஒரு விஷயத்தை மறைக்கும். அ-விலிருந்து ஆ வரைக்கும் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால், கீழ்ப்பாதியில் கோடுகள் விலகி இருக்கின்றன, மேலே போகப் போக நெருங்குகின்றன. பிரித்து அளந்தோம். 600-இலிருந்து 740 வரை 1.6 சென்றிமீற்றர்: 140-க்கு 800, ஏறக்குறைய 1:5.7, பத்துப் பாகை. 740-இலிருந்து 900 வரை 0.8 சென்றிமீற்றர்: 160-க்கு 400, அதாவது 1:2.5, ஏறக்குறைய 22 பாகை. அவள் முதலில் எழுதிய 1:2.8 மலையின் மேல்பகுதிக்கு அவ்வளவு தூரம் இல்லாத எண்தான், ஆனால் அது முழுச் சரிவுக்கும் பொருந்தாது. 1:4 என்ற சராசரியோ உண்மையில் எந்த இடத்திலும் இல்லை. கீழே நடக்கிறவனுக்கு அது மிகை, மேலே ஏறுகிறவனுக்கு அது குறை.

அடிக்கடி படம் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வகுத்துக்கொண்டிருப்பதில்லை. 20 மீற்றர் இடைவெளியுள்ள 1:50,000 படத்தில் கோடுகள் ஒரு மில்லிமீற்றர் தள்ளி இருந்தால் 22 பாகை, இரண்டு மில்லிமீற்றர் என்றால் 11 பாகை, நான்கு என்றால் ஆறு பாகைக்கும் சற்றுக் குறைவு. கண் இதற்குச் சீக்கிரம் பழகிவிடும். அரை மில்லிமீற்றர் என்றால் 39 பாகை. அங்கே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்புத் திட்டாகத் தெரியும். அப்படியான இடத்தில் அளப்பதையே விட்டுவிட்டு, 'மிகச் செங்குத்தானது' என்று எழுதுவதுதான் நேர்மை.

ஏனென்றால் பிழையும் அங்கேதான் பெருகுகிறது. மேல்பகுதியின் 0.8 சென்றிமீற்றரை ஒரு மில்லிமீற்றர் கூட்டியோ குறைத்தோ அளந்திருந்தால் கிடைத்தூரம் 350 முதல் 450 மீற்றர் வரை எதுவாகவும் இருக்கலாம். சாய்வு 1:2.2 ஆகலாம், 1:2.8 ஆகலாம், பாகையில் சொன்னால் 25-க்கும் 20-க்கும் நடுவில். இதைத் தசமத்தில் இரண்டு இலக்கம் வரைக்கும் எழுதுகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். கணிப்பான் காட்டுகிற இலக்கங்கள் எல்லாம் அடிமட்டம் அறிந்தவை அல்ல.

பாகையாக மாற்றக் கணிப்பான் இல்லாவிட்டால் 60-ஐ விகிதத்தின் இரண்டாம் எண்ணால் வகுக்கலாம். 1:4 என்றால் 15 பாகை. சரியான விடை 14. 1:8.7 என்றால் ஏழு பாகைக்குக் கிட்ட, அதுவும் சரி. சரிவு கூடக் கூட இந்தக் குறுக்குவழி மிகையாகச் சொல்லும், 1:2.5-க்கு 24 தருகிறது, உண்மை 22. அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

இன்னொரு கேள்வியை நானாக அவளுக்குக் கொடுத்தேன். உடவத்தகலைக் காட்டின் மிக உயர்ந்த இடம் 635 மீற்றர். அங்கிருந்து தெற்கே, வாவியைத் தாண்டி, ஹந்தானை அடிவாரத்தில் அதே 635 மீற்றர் உயரத்தில் ஒரு புள்ளியைப் பிடி. சாய்வு என்ன? சூத்திரம் பூச்சியம் என்கிறது. மட்டமான தரை! ஆனால் அந்த உச்சி வாவியைவிட 115 மீற்றர் உயரம். காட்டிலிருந்து வாவிக்கு 115 இறங்கி, மறுபுறம் 115 ஏறினால்தான் போய்ச் சேரலாம். இரண்டு முனையின் உயரத்தை மட்டும் கழித்துப் பார்க்கிற முறைக்கு நடுவில் கிடக்கும் பள்ளம் தெரியாது. அதனால் சாய்வு கணக்கிடுவதற்கு முன் கோட்டின் வழியே விரலை ஓட்டி, கோடுகளின் எண்கள் ஒரே திசையில் ஏறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது குறுக்குவெட்டுமுகம் வரைய வேண்டும்.

அதே உச்சியில் படம் மறைக்கிற இன்னொன்றும் இருக்கிறது. 20 மீற்றர் இடைவெளியில் கடைசியாக மூடுகிற கோடு 620. அதற்கு மேலுள்ள 15 மீற்றருக்குக் கோடே கிடையாது. உயரப் புள்ளி எதுவும் குறிக்கப்படாவிட்டால் அந்த உச்சி 621-ஆ 639-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மண் வெட்டு, ஒரு பாறை முகம், வீட்டுக்குப் பின்னால் இடிந்து நிற்கிற கரை, எல்லாமே இரண்டு கோடுகளுக்கு நடுவில் தடயம் இல்லாமல் ஒளிந்துகொள்ளலாம். கண்டியில் காணி வாங்குகிறவர்கள் 1:50,000 படத்தைப் பார்த்து 'சரிவு அவ்வளவு இல்லை' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அரை ஏக்கர் காணி அந்தப் படத்தில் ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைந்த சதுரம். அதன் சரிவை அதில் தேடக்கூடாது.

படத்தில் அளந்த சாய்வு சரிதானா என்று பார்ப்பதற்குக் கண்டியைப் போல வசதியான ஊர் கிடையாது. காரணம் கடுகண்ணாவை. 1867-இல் கண்டிக்கு ரயில் வந்தபோது ரம்புக்கனைக்கு மேலே மலையேறும் பாதையை 45-க்கு 1 என்ற சாய்வில் போட்டார்கள். ஏறக்குறைய 12 மைல் தூரத்தில் 1,400 அடி ஏற்றம். இதைப் பழைய ஒரு அங்குல வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்றால் அளவுத்திட்டம் 1:63,360, ஏனென்றால் ஒரு மைலில் அத்தனை அங்குலம். 12 மைலில் எத்தனை அடி? அதுவும் 63,360. அதை 1,400-ஆல் வகுத்துப் பாருங்கள், 45 வருகிறது.

இப்போது இதையே இன்றைய படத்துக்கு மாற்றலாம். 45-க்கு 1 என்றால் 20 மீற்றர் ஏறுவதற்கு 900 மீற்றர் ஓட வேண்டும். 1:50,000-இல் அது 1.8 சென்றிமீற்றர். அதாவது ரயில் பாதை ஒரு சமவுயரக் கோட்டை வெட்டிய பிறகு, அடுத்த கோட்டை வெட்ட 1.8 சென்றிமீற்றர் ஓடுகிறது. பக்கத்திலேயே மலைச் சரிவில் அதே இரண்டு கோடுகளும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளித்தான் இருக்கும். அதனால்தான் படத்தில் அந்தப் பாதை கோடுகளை வெட்டுவது போலவே தெரிவதில்லை. அவற்றோடு சேர்ந்து மலையைச் சுற்றி வளைந்து போகிறது. ஓடை வெட்டிய பள்ளம் வந்தால் கோடுகள் மேட்டுப் பக்கமாக வளைந்து உள்ளே போகும், பாதையும் உள்ளே போகும். மலை மூக்கு நீட்டினால் பாதையும் வெளியே நீட்டும், அல்லது அந்த மூக்கைக் குடைந்து சுரங்கமாகப் போகும். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் ஏறுவதற்கு இவ்வளவு சுற்று வேண்டியிருக்கிறது.

அதற்கு நாற்பது ஆண்டுக்கு முன் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் போட்ட கொழும்பு – கண்டி வீதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாடும் குதிரையும் இன்னும் கூடிய சரிவில் ஏறும். அதனால் கடுகண்ணாவையில் வீதி கோடுகளைத் துணிந்து வெட்டுகிறது. மேலே பாறையையே துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. டோசனின் நினைவுக் கோபுரம் நிற்கிற இடத்திலிருந்து கீழ்நோக்கி, வீதி ஒவ்வொரு கோட்டையும் வெட்டுகிற இடத்தைப் பென்சிலால் குறித்து வா, பிறகு ரயில் பாதைக்கும் அதே மாதிரி செய் என்றேன் மருமகளிடம். ரயில் பாதையில் இரண்டு புள்ளிகளின் தூரம் 1.8-ஐவிடக் கூடலாம், நிலையத்தை ஒட்டிச் சாய்வு தணியும். 1.8-ஐவிட மிகவும் குறைந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும்: தப்பான கோட்டை எண்ணியிருப்பாள், அல்லது பாதை அங்கே சுரங்கத்துக்குள் போகிறது. சுரங்கத்துக்கு மேலே ஓடுகிற கோடுகள் மலையின் உயரத்தைச் சொல்கின்றன, தண்டவாளத்தின் உயரத்தை அல்ல. அதை எண்ணினால் ரயில் மலை முதுகில் ஏறி இறங்கியதாகக் கணக்கு வரும்.